கோத்த வளையங்களும் பெருகும் அசைவுகளும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டுப் பொருள். சமய உரைகளும் இலக்கிய உரைகளும் கேட்டுப் பழகிய இம் மண்டபத்தில், கம்பியும் வளையமும் கொண்டு வந்து நிற்பதைப் பொறுத்தருள வேண்டும். சர்வகலாசாலையில் நாம் கணிதம் பயிலும் காலத்தில், இச் சிறு பொறி எமது அறையில் பல மாலைப் பொழுதுகளை விழுங்கியது. ஏன் விழுங்கியது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அக் கணக்கையே இங்கு சொல்லப் போகின்றோம்.

பொறி இதுதான். கொண்டையூசி போல இரட்டையாக வளைத்த ஒரு நீண்ட கம்பி. அதன் ஒரு முனை மூடிய வளைவு. மறு முனையிலே கைப்பிடி. இதன் கீழே ஓர் ஒடுங்கிய பலகைத் துண்டு. பலகையில் வரிசையாகத் துளைகள் இட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு மெல்லிய காம்பு தளர்வாக நிற்கிறது. காம்பின் தலையிலே ஒரு வளையம். ஒவ்வொரு காம்பும் தன் வளையத்தை மாத்திரம் தாங்கி நிற்பின் இங்கே புதிர் எதுவும் இல்லை. காம்பு அயலிலுள்ள வளையத்தின் ஊடாகவும் எழுந்து நிற்கிறது. அதனால் வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடுகின்றன. தொடக்கத்திலே கம்பி எல்லா வளையங்களுக்குள்ளும் புகுந்திருக்கும். அதை முற்றாக உருவி எடுக்க வேண்டும். வளையத்தை வெட்டவும் ஆகாது. காம்பை வளைக்கவும் ஆகாது.

சீனர் இதனை ‘ஜியு லியன் ஹுவான்’ என்பர். ஒன்பது தொடர் வளையங்கள் என்பது அதன் பொருள். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகே லியாங் என்னும் படைத்தலைவர், தாம் போருக்குச் சென்றிருக்கும் காலத்தில் மனைவி பொழுதுபோக்குவதற்காக இதைச் செய்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதைக்கு ஆதாரம் இல்லை. ஆயினும் கதை கட்டியவர் இப் பொறியைக் கையிலெடுத்துப் பார்த்தவர் என்பதில் ஐயமில்லை. போர் முடியுமட்டும் போதுமான வேலை இதில் இருக்கிறது. ஐரோப்பாவில் 1500ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியரான லூக்கா பச்சோலி தமது கையெழுத்து நூலொன்றில் இதனை விவரித்தார். 1550இல் கார்டானோ எழுதினார். பின்னர் ஆங்கிலேயரான ஜோன் வாலிசு தமது இயற்கணித நூலில் எடுத்துக்கொண்டார். எனினும் இதன் உட்பொருளை முழுதும் வெளிப்படுத்தியவர் லூயி குரோ என்னும் பிரெஞ்சுக்காரர். 1872இல் லியோன் நகரில் அவர் வெளியிட்ட சிறு நூலின் முகப்பில் அவர் பெயர் இல்லை. ‘லியோன் நகரத்து நொத்தாரிசின் எழுத்தர் ஒருவர்’ என்று மட்டுமே இருந்தது. நாம் கீழே சொல்லப்போவதின் கரு அவருடையதே.

இனி, வளையங்களுக்கு எண் இடுவோம். கம்பியின் மூடிய முனைக்கு அருகில் உள்ளதை முதலாம் வளையம் என்போம். அதற்கடுத்தது இரண்டாவது, இவ்வாறே கைப்பிடி வரை. வளையம் கம்பியிற் கோத்து நிற்பின் ‘ஏறியிருக்கிறது’ என்போம். கம்பியினின்று விடுபட்டுக் கீழே கிடப்பின் ‘இறங்கியிருக்கிறது’ என்போம். வளையம் ஒன்றை இறக்குவதற்குக் கம்பியைச் சற்றுப் பின்னே இழுத்து, வளையத்தை முனைக்கு மேலாகக் கழற்றி, ஒருக்களித்து, கம்பியின் இரு கைகளுக்கும் இடையிலுள்ள சந்தின் வழியே கீழே விட வேண்டும். ஏற்றுவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

காம்புகளின் பின்னல் காரணமாக இப் பொறி அனுமதிப்பவை இரண்டே. முதலாம் வளையத்தை எப்பொழுதும் ஏற்றலாம், இறக்கலாம்; அதற்குத் தடையே இல்லை. வேறெந்த வளையத்தை அசைக்க வேண்டுமாயினும், அதற்கு முன்னால் அடுத்து நிற்கும் வளையம் ஏறியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் உள்ளவை யாவும் இறங்கியிருக்க வேண்டும். உதாரணமாக, ஐந்தாவதை இறக்க வேண்டுமெனின் நாலாவது ஏறியிருக்க வேண்டும். மூன்றும் இரண்டும் ஒன்றும் இறங்கியிருக்க வேண்டும். விளையாட்டின் சட்டம் இவ்வளவுதான்.

பொறி இல்லாதோர் கவலற்க. ஐந்து காசுகளை மேசையில் வரிசையாக வைத்து, தலை மேலே தெரிந்தால் ஏற்றம், பூ தெரிந்தால் இறக்கம் என்று கொண்டு, மேற்படி சட்டத்தின்படி புரட்டினால் அதே விளையாட்டுத்தான். ஐந்தையும் தலையிலிருந்து பூவாக்க வேண்டும். நாம் சொல்லுவதை இவ்வுரை அச்சில் வந்தபின் வாசிப்போர் காசுகளை வைத்துக்கொண்டு வாசிப்பின் நன்று.

முதன்முறை கையிலெடுப்பவருக்கு நேர்வது இதுதான். முதலாவதை இறக்குவார், மகிழ்வார். அடுத்து மூன்றாவது இறங்கும், மேலும் மகிழ்வார். பிறகு பார்த்தால், இரண்டாவதை இறக்குவதற்கு, முன்பு இறக்கிய முதலாவதைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். இன்னும் சற்றுப் போனால், அரும்பாடுபட்டு இறக்கிய மூன்றாவதையும் ஏற்ற வேண்டி வரும். இங்கேதான் பெரும்பாலோர் கைவிடுகின்றனர். இறக்க வந்தவன் ஏற்றிக்கொண்டிருப்பதா, எங்கோ பிழைத்து விட்டது என்று எண்ணிப் பின்வாங்குகின்றனர். பிழை எதுவும் இல்லை. ஏற்றுவதும் இறக்கும் வழியிலேயே கிடக்கிறது.

இதனை ஐயமறக் காண ஒரு சிறு கவனிப்புப் போதும். எந்த நிலையிலாயினும் நாம் செய்யக்கூடியவை எத்தனை? முதலாம் வளையத்தை அசைக்கலாம், அது ஒன்று. வேறு எது? முனையிலிருந்து எண்ணிவரும்போது முதன்முதலாக ஏறியிருக்கும் வளையம் எது என்று பாருங்கள். அதற்கு அடுத்த வளையத்தை மட்டுமே அசைக்கலாம். வேறு எதற்கும் சட்டம் இடங்கொடாது. ஆகவே இரு கோடி நிலைகள் நீங்கலாக, எந்த நிலையிலும் இரண்டே அசைவுகள். அவ்விரண்டில் ஒன்று நாம் இப்பொழுதுதான் செய்ததைத் திருப்பிச் செய்வது; அதாவது வந்த வழியே மீளுவது. மற்றையது முன்னே செல்லுவது. எனவே இப் புதிர், பல கிளைகள் பிரியும் காட்டுவழி போலத் தோன்றினும், உண்மையில் வயல் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதையே. கிளையில்லை, சந்தியில்லை. பாதையின் நடுவில் நிற்பவன் இப்பக்கம் போவதா அப்பக்கம் போவதா என்று ஒரு முறை தீர்மானித்தால் போதும். அதன்பின் திரும்பாமல் நடந்தால் ஒரு முனையை அடைந்தே தீர்வான்.

சென்ற மாதம் இதுபற்றிப் பேச்செழுந்தபோது பெரியார் ஒருவர், “தம்பி, கெட்டிக்காரன் ஒருவன் இதைக் குறைந்த அசைவிற் செய்து முடிக்கமாட்டானோ?” என்று கேட்டார். அவருக்குரிய விடை இதுவே. கிளையில்லாத பாதையிற் குறுக்குவழி கிடையாது. கெட்டிக்காரன் விரைவாக நடக்கலாம். பாதையைச் சுருக்க அவனாலும் ஆகாது. பாதையின் நீளம் பொறியின் குணமேயன்றி ஆடுபவனின் குணமன்று.

எப்பக்கம் போவது என்பதை அறியவும் எளிய வழி உண்டு. ஏறியிருக்கும் வளையங்களை எண்ணுங்கள். அவை ஒற்றை எண்ணாயின் முதலாம் வளையத்தை அசையுங்கள். இரட்டை எண்ணாயின் அசைக்கக்கூடிய மற்றை வளையத்தை அசையுங்கள். ஒவ்வொரு அசைவிலும் ஒரு வளையம் கூடுகிறது அல்லது குறைகிறது. ஆதலால் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரும். முதலாம் வளையமும் மற்றொன்றும் மாறி மாறி அசையும்.

ஐந்து வளையங்களை எடுத்துச் செய்து பார்ப்போம். ஐந்தும் ஏறியிருக்கின்றன, ஒற்றை. முதலாவதை இறக்குகின்றோம். நாலு நிற்கின்றன, இரட்டை. முனையிலிருந்து முதன்முதல் ஏறியிருப்பது இரண்டாவது. ஆகவே அதற்கடுத்த மூன்றாவதை இறக்குகின்றோம். மூன்று நிற்கின்றன, ஒற்றை. முதலாவதைத் திரும்ப ஏற்றுகின்றோம். இனி இரட்டை, இரண்டாவதை இறக்குகின்றோம். பின் முதலாவதை இறக்குகின்றோம். ஐந்து அசைவுகள் முடிந்தன. இப்பொழுது ஐந்தாவதும் நாலாவதும் மட்டும் ஏறியிருக்கின்றன. ஐந்தாவது எதிர்பார்த்திருந்த நிலை இதுவே. ஆறாவது அசைவில் ஐந்தாவது இறங்குகிறது. அது மீண்டும் ஏறாது.

இப்பொழுது நாலாவது மட்டுமே தனியாக ஏறியிருக்கிறது. பார்ப்பவர், ‘ஒன்றுதானே மீதி, இன்னும் இரண்டு மூன்று அசைவில் முடியும்’ என்பார். உண்மையில் இன்னும் 15 அசைவுகள் உண்டு. நாலாவது இறங்குவதற்கு மூன்றாவது ஏறி நிற்க வேண்டும். அதை ஏற்றுவதற்கு இரண்டாவது ஏற வேண்டும். அதற்கு முதலாவது ஏற வேண்டும். ஏழு அசைவுகளிற் மூன்றாவது மட்டும் ஏறி, முன்னிரண்டும் இறங்கி நிற்கும். எட்டாவதில் நாலாவது இறங்கும். எஞ்சியது மூன்றாவது. அதற்கு இன்னும் ஏழு. அசைக்க வேண்டிய வளையங்களை வரிசையாகச் சொல்வோம். காசு வைத்திருப்போர் பின்பற்றிப் பார்க்கலாம்.

1, 3, 1, 2, 1, 5, 1, 2, 1, 3, 1, 2, 1, 4, 1, 2, 1, 3, 1, 2, 1.

மொத்தம் 21 அசைவுகள். இவற்றுள் முதலாம் வளையம் 11 தடவை அசைந்தது. இரண்டாவது 5 தடவை. மூன்றாவது 3 தடவை. நாலாவதும் ஐந்தாவதும் ஒவ்வொரு தடவை. கைப்பிடியின் பக்கத்திலுள்ள பெரியவர் ஒரு முறை எழுந்திருக்க, முனையில் நிற்கும் சிறுவன் பதினொரு முறை ஓட வேண்டியிருக்கிறது. வீடுகளிலும் இஃது உள்ளதுதான்.

இனி, அசைவுகள் ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைப் பார்ப்போம். ஒரு வளையம் தனியாக ஏறியிருந்தால் அதை இறக்க எத்தனை அசைவு வேண்டும் என்று கேட்போம். முதலாவது தனியாயின் 1 அசைவு. இரண்டாவது தனியாயின், முதலாவதை ஏற்று, இரண்டாவதை இறக்கு, முதலாவதை இறக்கு, 3 அசைவு. மூன்றாவது தனியாயின், முதலில் இரண்டாவதைத் தனியாக ஏற்றி நிறுத்த வேண்டும். தனியாக இறக்க 3 அசைவு எனின், தனியாக ஏற்றவும் அதே 3. பாதை ஒன்றே, திசை மட்டும் வேறு. பின் மூன்றாவதை இறக்க 1. பின்னர் தனித்து நிற்கும் இரண்டாவதை இறக்க மறுபடியும் 3. ஆக 7. நாலாவதற்கு 7, 1, 7, ஆக 15. ஐந்தாவதற்கு 15, 1, 15, ஆக 31.

காரணம் இங்கே வெளிப்பட்டு விட்டது. ஒரு வளையத்தைக் கூட்டினால் பழைய வேலை முழுவதையும் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு முறை ஆயத்தஞ் செய்வதற்கு, மற்றொரு முறை ஆயத்தஞ் செய்ததைக் கலைப்பதற்கு. நடுவிலே புதிய வேலை ஒன்றே ஒன்று. வளையம் ஒன்று கூடும்போது வேலையும் ஒரு பங்கு கூடும் என்று மனம் எண்ணுகிறது. ஆனால் வேலை இரட்டிக்கிறது.

ஐந்தும் ஏறியிருந்தபோது 21 அசைவு. ஐந்தாவது மட்டும் ஏறியிருந்தால் 31 அசைவு. இது முதலிற் கேட்போருக்குப் பொருந்தாததாகத் தோன்றும். ஐந்து வளையங்களை இறக்குவதைவிட ஒரு வளையத்தை இறக்குவது கடினமா? ஆம். நாலாவது ஏற்கெனவே ஏறியிருப்பது ஐந்தாவதற்கு உதவி. தனியாக நிற்கும் ஐந்தாவதோ அவ்வுதவியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

இவ்வுண்மையைக் கொண்டு எந்த நிலையிலிருந்தும் எத்தனை அசைவு மிச்சம் என்பதை மனக்கணக்காகவே சொல்லி விடலாம். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு விலை வைப்போம். முதலாவதற்கு 1, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 7, நாலாவதற்கு 15, ஐந்தாவதற்கு 31. ஏறியிருக்கும் வளையங்களைக் கைப்பிடிப் பக்கத்திலிருந்து எடுத்து, முதலாவதாக வருவதைக் கூட்டுக, அடுத்ததைக் கழிக்க, அடுத்ததைக் கூட்டுக. இவ்வாறு மாறி மாறிச் செய்க. ஐந்தும் ஏறியிருப்பின் 31 கழித்தல் 15, கூட்டல் 7, கழித்தல் 3, கூட்டல் 1, விடை 21. சரியன்றோ?

ஏன் மாறி மாறி? ஐந்தாவதை இறக்க வேண்டும். அதன் விலை 31. நாலாவது ஏறியிருப்பது அதற்கு வேண்டியதே. ஆகவே 15 மிச்சம். நாலாவது வேண்டும் எனினும் மூன்றாவது ஏறியிருப்பது தடை. அதை அகற்ற 7 கூடும். மூன்றாவதை அகற்றுவதற்கு இரண்டாவது ஏறியிருப்பது உதவி, 3 குறையும். இரண்டாவதற்கு முதலாவது தடை, 1 கூடும். வேண்டியது, தடை, வேண்டியது, தடை என்று ஏறியிருக்கும் வளையங்கள் மாறி மாறி அமைகின்றன. நடுவே சில வளையங்கள் இறங்கியிருப்பினும் ஒழுங்கு மாறாது. ஏறியிருப்பவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

ஒன்பது வளையங்களுக்கு விலை 1, 3, 7, 15, 31, 63, 127, 255, 511. எல்லாம் ஏறியிருப்பின் மேற்படி கணக்கில் 341 வரும். நிதானமாக விநாடிக்கு ஓர் அசைவு செய்தால் ஆறு நிமிடத்துக்குள் முடியலாம். பழகாத கைக்கு அது எளிதன்று. சில நூல்கள் 341 என்னாது 256 என்று கூறும். அதைக் கண்டு மயங்க வேண்டாம். முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்து ஏறியிருக்கும்போது அவ்விரண்டையும் ஒரே வீச்சில் இறக்க முடியும். இறங்கியிருக்கும்போது ஒரே வீச்சில் ஏற்றவும் முடியும். பெரியவர் கேட்ட குறுக்குவழி இதுதானோ எனின், ஆம், பொறி தரும் குறுக்குவழி இது ஒன்றே. இதை ஓர் அசைவாக எண்ணுவோருக்கு ஐந்து வளையங்கள் 16, ஒன்பது வளையங்கள் 256. இரண்டாம் வளையம் அசையும் ஒவ்வொரு தடவையும் ஓர் அசைவு மிச்சப்படுகிறது. ஒன்பது வளையங்களில் அது 85 தடவை அசைகிறது. மிச்சம் பெரிதுதான். ஆயினும் இரட்டித்தல் நிற்பதில்லை.

தவறு எங்கே நேர்கிறது? பெரும்பாலும் தொடக்கத்தில். ஐந்தும் ஏறியிருக்கும்போது முதலாவதற்குப் பதிலாக இரண்டாவதை இறக்கித் தொடங்கினவன், பாதையில் எதிர்த்திசை நோக்கி நடக்கின்றான். பொறி அவனைத் தடுப்பதில்லை. அவனுக்கும் வளையங்கள் இறங்கிக்கொண்டே வரும். பத்தாவது அசைவில், ஐந்தாவது மட்டும் ஏறி மற்றவை யாவும் இறங்கி நிற்கும். வெற்றி நெருங்கி விட்டதென்று அவன் எண்ணும் அந்நேரத்தில் அவன் நிற்பது பாதையின் மறுகோடி. அங்கே ஒரே அசைவுதான் உண்டு. முதலாவதை அசைக்கலாம், வேறெதுவும் அசையாது. அதுவே அடையாளம். 31 அசைவுகள் நடந்து அவன் இம்முனைக்கு வர வேண்டும். ஒன்பது வளையங்களாயின் தவறான பக்கம் 170 அசைவுகள் நடந்து, பின்னர் 511 அசைவுகள் மீள வேண்டும்.

ஒற்றை எண்ணிக்கை வளையங்களுள்ள பொறியில் முதலாவதை அசைத்தும், இரட்டை எண்ணிக்கையாயின் இரண்டாவதை அசைத்தும் தொடங்க வேண்டும். மற்றொரு தவறு இடையிலே நேருவது. யாரோ அழைக்க, பொறியை வைத்துவிட்டுச் சென்று திரும்பி வந்து, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பது மறந்து போதல். நாம் முன்னே கூறிய ஒற்றை இரட்டைக் கணக்கு அதற்கு மருந்து. பழைய நினைவு எதுவும் தேவையில்லை. நிற்கும் வளையங்களை எண்ணினால் போதும். மூன்றாவது தவறு வலுக்கட்டாயம். வளையம் வர மறுத்தால் அது இறுக்கத்தினால் அன்று, சட்டம் இடங்கொடாமையினால். முன்னால் உள்ளது ஏறியிருக்கிறதா, அதற்கும் முன்னால் உள்ளவை இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இழுத்தால் காம்பு வளையும். வளைந்த காம்பு குட்டையாகி, வளையம் கம்பி முனையைத் தாண்ட எட்டாது. அதன்பின் சரியான அசைவும் நடவாது. ஆடுபவன் கணக்கையே சந்தேகிக்கத் தொடங்குவான்.

இரட்டித்தல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டொரு எண்கள் மட்டும். விநாடிக்கு ஓர் அசைவாக, ஊணும் உறக்கமுமின்றிச் செய்வதாகக் கொள்வோம். 20 வளையங்களுக்கு 6,99,050 அசைவுகள். எட்டு நாட்களுக்குச் சற்று மேல். 30 வளையங்களுக்கு ஏறத்தாழ 71 கோடியே 58 இலட்சம் அசைவுகள். 22 ஆண்டுகளுக்கு மேலாகும். பத்து வளையங்கள் கூடியதற்கு வேலை ஆயிரம் மடங்கு கூடி விட்டது. 64 வளையங்களுக்கு ஏறத்தாழ 39,000 கோடி ஆண்டுகள். அவ்வளவு வளையங்களையும் ஒரு பலகையிற் பொருத்துவது தச்சனுக்கு அரை நாள் வேலை.

64 என்ற எண்ணைக் கேட்டதும் சிலருக்குக் காசிக் கதை நினைவுக்கு வரலாம். காசிக் கோவிலொன்றில் மூன்று ஊசிகளில் 64 பொற்றட்டுகள் இருப்பதாகவும், பூசகர்கள் அவற்றை இடைவிடாது ஒவ்வொன்றாக மாற்றி வருவதாகவும், மாற்றி முடிந்ததும் உலகம் அழியுமென்றும் ஆங்கில நூல்களில் வாசித்திருப்பீர்கள். அக்கதை காசியிற் பிறந்ததன்று. எடுவார்ட் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 1883இல் ‘ஹனோய்க் கோபுரம்’ என்று ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். கதை அதனோடு சேர்ந்து பிரான்சிலிருந்து பரவியது. நம்மவரிற் சிலரும் அதை நமது புராணமென்று எடுத்துரைப்பதனால் இதைச் சொல்ல நேர்ந்தது. ஆனால் அவ்விளையாட்டு வளையப் புதிரின் உடன்பிறப்பு என்பது மெய். தட்டுகளைச் சிறியதிலிருந்து எண்ணிட்டால், அவை அசையும் ஒழுங்கு 1, 2, 1, 3, 1, 2, 1, 4 என வரும். கடைசி வளையம் மட்டும் தனியாக ஏறியிருக்கும் நிலையிலிருந்து தொடங்கும் பாதையும் அதே ஒழுங்கு. அசைவுத் தொகையும் அதே. ஐந்து தட்டுகளுக்கு 31. ஐந்தாம் வளையத்துக்கு 31. லூக்கா, குரோவின் நூலை அறிந்தவர்.

விளையாட்டுக்கு வெளியேயும் இப்பாதை பயன்பட்டது. ஏற்றத்தை 1 என்றும் இறக்கத்தை 0 என்றும் எழுதினால், ஐந்து வளையங்களின் 32 நிலைகளும் ஒரு வரிசையாகும். அடுத்தடுத்த இரு நிலைகளுக்கு இடையில் ஓர் இலக்கம் மட்டுமே மாறும். சாதாரண எண்களில் அவ்வாறன்று. 199ஐ அடுத்து 200 வரும்போது மூன்று இலக்கங்களும் ஒருங்கே மாறுகின்றன. சுழலும் தண்டொன்றின் கோணத்தைக் கருவியொன்று வாசிக்கும்போது, பல இலக்கங்கள் ஒரே கணத்தில் மாற வேண்டியிருந்து அவற்றுள் ஒன்று சற்றுப் பிந்தினால் வாசிப்பு எங்கோ போய்விடும். ஓர் இலக்கம் மட்டும் மாறுமாயின், பிந்தினாலும் பிழை ஒரு படிக்கு மேற்படாது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிராங் கிரே என்பவர் இத்தகைய எண்முறைக்கு 1947இல் விண்ணப்பித்து 1953இல் காப்புரிமை பெற்றார். இன்று அது கிரே முறை எனப்படுகிறது. நொத்தாரிசின் எழுத்தர் அதே வரிசையை 1872இலேயே எழுதி வைத்திருந்தார்.

பேச்சை இங்கே நிறுத்தி, செய்கைக்கு வருவோம். இம்மேசையில் ஏழு வளையங்கள் கொண்ட பொறியொன்றை வைத்திருக்கின்றோம். அதில் இப்பொழுது இரண்டாவதும் ஐந்தாவதும் ஆறாவதும் ஏறியிருக்கின்றன, மற்றவை இறங்கியிருக்கின்றன. ஆறாவதின் விலை 63, ஐந்தாவதின் விலை 31, இரண்டாவதின் விலை 3. 63இல் 31ஐக் கழித்து 3ஐக் கூட்டினால் 35. ஏறியிருப்பவை மூன்று, ஒற்றை. ஆகவே முதலாம் வளையத்தை ஏற்றித் தொடங்க வேண்டும். விரும்பும் அன்பர் முன்வரலாம். மற்றவர்கள் அசைவுகளை எண்ணுவார்களாக.